மேடையில் இரண்டே நிமிஷம்!

விருது கொடுத்த கையோடு மைக்கையும் நீட்டி, "இரண்டு வார்த்தை பேசுங்கோ" என்பார்கள். நம்மில் பலர் என்ன செய்கிறோம்? "தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே" என்று ஆரம்பித்து, பெரியப்பா, நாத்தனார், ஓரகத்தி வரை நன்றி சொல்லி இறங்கிவிடுகிறோம். கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் பஸ் ஏறும்போது, "அந்தம்மா எதுக்காகப் பரிசு வாங்கினாங்க?" என்று கேட்டால், கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது!

நீளமாகப் பேசினால் நினைவில் நிற்கும் என்பதும் இல்லை. 1943-ல் ஆஸ்கார் பரிசு வாங்கிய நடிகை கிரீர் கார்ஸன் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசினார். அவர் என்ன சொன்னார் என்பதை மறந்துவிட்டு, எவ்வளவு நேரம் பேசினார் என்பதைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

கிராமத்துச் சுகாதார நர்ஸ் ஒருத்திக்கு மாவட்ட அளவில் விருது என்று வைத்துக்கொள்வோம். அவள் இப்படிப் பேசலாம்:

"எல்லோருக்கும் வணக்கம். இந்த விருதைக் கொடுத்த மாவட்ட நிர்வாகத்துக்கு என் நன்றி. கர்ப்பிணிப் பெண்களுக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. போன வருஷம் ஒரு பெண் நாலு மாசமாக மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை. வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். தினமும் காலையில் காப்பியோடு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள். நேரத்தை மாற்றினோம், கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஏறியது. வெயிலில் என்னோடு வீடு வீடாக நடந்த அங்கன்வாடி ஆயாவுக்கும், நான் திரும்பும்வரை என் குழந்தைகளுக்குச் சோறு போட்ட மாமியாருக்கும் நன்றி. உங்கள் வீட்டில் யாராவது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால், காப்பி, டீயோடு வேண்டாம். ஒரு மணி நேரமாவது தள்ளிச் சாப்பிடச் சொல்லுங்கள். வணக்கம்."

நிதானமாகச் சொன்னாலும் ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். இதில் என்ன இருக்கிறது, பாருங்கள். விருது கொடுத்தவர்களுக்கு ஒரே வாக்கியத்தில் நன்றி. பிறகு, தன் வேலை என்ன என்பது ஒரே வாக்கியத்தில். எத்தனை வருஷ சர்வீஸ், என்னென்ன பட்டம் என்பதெல்லாம் இல்லை; அதை அறிவிப்பாளர் முன்பே படித்திருப்பார். அடுத்தது ஒரே ஒரு சம்பவம். "ஆயிரம் பேரைப் பார்த்தேன்" என்பது காதில் விழுந்து போய்விடும். காப்பியோடு மாத்திரை விழுங்கிய அந்தப் பெண் மனதில் நிற்பாள். அவள் பேரையோ ஊரையோ மட்டும் சொல்லிவிடக் கூடாது. அவளைச் சேர்ந்தவர்களே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம்!

நன்றிக்கு இரண்டு பேர் போதும். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்துப் பேரை அடுக்கினால் பதினோராவது ஆளுக்கு வருத்தம். மற்றவர்களுக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு கார்டு எழுதிப் போட்டால் ஆயிற்று. கடைசி வாக்கியம்தான் முக்கியம். கேட்பவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் உபயோகிக்கிற மாதிரி ஒன்று. மறுநாள் காலை காப்பி ஆற்றும்போது அந்த நர்ஸின் நினைவு வந்துவிடும், இல்லையா? தையல்காரியானால் துணி சாயம் போகாமல் அலசும் வழியைச் சொல்லலாம். டீச்சரானால் குழந்தையைப் படிக்கக் கூப்பிடும் விதத்தைச் சொல்லலாம்.

"எனக்கு இதற்கெல்லாம் தகுதியே இல்லை" என்பதை விட்டுவிடுங்கள். அது அடக்கம் மாதிரி தோன்றும். ஆனால் தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். பலர் சேர்ந்து செய்த வேலையானால் "நான்" என்பதை "நாங்கள்" என்று மாற்றிவிடுங்கள்.

ஒத்திகைக்கு வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் சீக்கிரம் முடிந்துவிடும். மேடையில் அதே பேச்சு நீளும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் உள்ளதற்கு ஒரு சின்ன அட்டையில் நாலு வார்த்தை போதும். மெல்லிய தாளானால் கை நடுங்குவது கடைசி வரிசை வரை தெரியும்! பேசும்முன் கேடயத்தைப் பக்கத்து மேஜையில் வைத்துவிடுங்கள்.

பேச்சு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்த வீட்டு மாமியிடம் ஒரு தரம் பேசிக் காட்டுங்கள். அரை மணி கழித்து, "என் வேலை என்னன்னு சொல்லுங்கோ, மாமி" என்று கேளுங்கள். மாமி சம்பவத்தையும் கடைசி வாக்கியத்தையும் திருப்பிச் சொன்னால் பேச்சு தயார். "நன்னா பேசினே" என்று மட்டும் சொன்னால், இன்னும் இரண்டு நன்றியை வெட்டிவிட்டுச் சம்பவத்தைத் தெளிவாக்குங்கள்.

மேடையில் அரை நிமிஷம்தான் தருவார்கள் என்றால்? முதல் நன்றியும், வேலையைச் சொல்லும் வாக்கியமும், கடைசி வாக்கியமும் இருந்தால் போதும்.