கையெழுத்துப் போட முதல் மெத்தையைப் புரட்டிப் பாருங்கள்

பிரான்சுக்குப் படிக்கப் போகிற எங்கட கரையோரப் பிள்ளைகளுக்கு எல்லாரும் ஒரே புத்திமதிதான் சொல்லி அனுப்புகிறார்கள். "அங்க தர்ற பேப்பருக்கு சைன் வெச்சிட்டு, பிரச்சினை இல்லாம இரு." கல்பிட்டியில் எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். இந்தப் புத்திமதியின் விலை எனக்குத் தெரியும். 115 யூரோ. எங்கட காசில் நாற்பதாயிரம் ரூபா அளவில் வரும். வாப்பா வலை முதலாளியிடம் வாங்கிய கடனில் இருந்து போன காசு அது.

நான் இருந்த மாணவர் விடுதியின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. சண்டை அவர்களோடு இல்லை. சண்டை, "சரி சரி" என்று தலையாட்டப் பழக்கிய எங்கட பழக்கத்தோடு.

போக முதலே முதல் பிழை நடந்தது. விடுதியின் இணையப் பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று `dépôt de garantie`, மற்றது `caution`. பாரிசில் இருக்கும் தூரத்துச் சொந்தக்கார நானா ஒருவருக்கு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினேன். "ரெண்டும் டிப்போசிட்தான் தங்கச்சி, காசு ரெடி பண்ணு" என்று வொய்ஸ் மெசேஜ் வந்தது. வாப்பா இரண்டு மடங்கு காசுக்கு ஓடத் தொடங்கிவிட்டார்.

நானாவை முழுக்கக் குறை சொல்லவும் ஏலாது. பிரெஞ்சுக்காரரே பேச்சில் டிப்போசிட்டை `caution` என்றுதான் சொல்வார்கள். ஆனால் பத்திரத்தில் அது வேறு. `dépôt de garantie` என்பது நீங்கள் கையில் கொடுத்து, போகும்போது திருப்பி வாங்க வேண்டிய பணம். `caution` என்றால் நீங்கள் வாடகை கட்டாவிட்டால் உங்களுக்காகக் கட்டுகிறேன் என்று பொறுப்பேற்கும் ஆள், எங்கட ஊர் வங்கிக் கடனுக்குப் பிணை நிற்கிறவரைப் போல. பிரான்சில் பிணை நிற்க ஆளில்லாத மாணவருக்கு `Visale` என்ற திட்டம் இருக்கிறது. Action Logement என்ற அமைப்பு நடத்துவது. 18 முதல் 30 வயது வரையானவர்கள் visale.fr பக்கத்தில் கேட்கலாம்; கட்டணம் இல்லை. ஒரேயொரு கண்டிப்பு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முதல் அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பதற்கு வாப்பா கடன் தேடி அலைந்தது மூன்று நாள்.

இரண்டாவது பிழை முழுக்க என்னுடையது.

ஓகஸ்ட் கடைசியில் போய் இறங்கினேன். இரண்டு இரவு சரியான நித்திரை இல்லை. வரவேற்பில் இருந்த பெண் சாவியோடு என்னை மூன்றாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு படிவம். மேலே `état des lieux d'entrée` என்று இருந்தது. உள்ளே வரும்போது அறை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதும் பத்திரம். கதவு, யன்னல், சுவர், கட்டில், மெத்தை, மேசை, சிங்க், அடுப்பு என்று வரி வரியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே புதியது, நல்ல நிலை, பாவித்த நிலை, மோசமான நிலை என்று கட்டங்கள். கடைசியில் `observations` என்று வெறும் இடம். எனக்குத் தந்த படிவத்தில் எல்லா வரியிலும் `bon état`, அதாவது நல்ல நிலை, ஏற்கெனவே அடையாளமிட்டிருந்தது. அவர் சிரித்தபடி "சா வா?" என்று கேட்டார். நானும் சிரித்தபடி "உய்" என்றேன். ஏழு நிமிசம்கூட ஆகவில்லை.

அன்று இரவு சிங்க் பைப் சொட்டுவது கேட்டது. சின்ன விசயம்தானே என்று விட்டேன். மெத்தையைப் புரட்டிப் பார்க்கும் யோசனையே வரவில்லை.

பத்து மாதம் கழித்து வெளியேறும் நாள். வேறொரு ஊழியர் வந்தார். இந்த முறை படிவத்தின் பெயர் `état des lieux de sortie`. அதில் இரண்டு நிரல் இருந்தது, வந்தபோது ஒன்று, போகும்போது ஒன்று. அவர் முதலில் செய்த வேலை மெத்தையைத் தூக்கிப் புரட்டியது. அடியில் கையகலத்துக்குப் பழைய பழுப்புக் கறை. "வரும்போது நல்ல நிலை என்று இருக்கிறதே" என்றார். "இது எனக்கு முதல் இருந்தது" என்றேன். அவர் கோபப்படவில்லை. பேனா நுனியை என் கையெழுத்தில் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான்.

டிப்போசிட் 300 யூரோ. மெத்தைக்கு 90, பைப்புக்கு 25, அடுப்பைச் சுத்தம் செய்ய 35 என்று கழித்து 150 தான் திரும்பி வந்தது. 35 யூரோவை நான் மறுக்கவில்லை. அடுப்புத் தட்டில் பிடித்த எண்ணெய் என்னுடைய மீன் பொரியல்தான். மற்ற 115 யூரோ எனக்கு முதல் இருந்த யாரோ செய்த சேதத்துக்கு நான் கட்டியது.

இதில் அநியாயம் நடந்ததா என்று கேட்டால், அந்த ஊழியரிடம் இல்லை என்றுதான் சொல்வேன். அந்தப் பத்திரம் உங்களை நல்ல பிள்ளையா என்று கேட்பதில்லை. முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசம் உங்களுடையது. அதனால் டிப்போசிட் திரும்புமா இல்லையா என்பது போகும் நாளில் முடிவாவதில்லை. வந்திறங்கிய களைப்போடு நிற்கும் முதல் நாளில் முடிவாகிறது.

"நூறு யூரோவுக்கு இவ்வளவு சத்தமா?" என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் வாப்பாவின் கடனைக் கட்டுகிறவர்கள் இல்லை. இன்னும் சிலர், "வெள்ளைக்காரனோட வாய் குடுத்தா விசாவில பிரச்சினை வரும்" என்றார்கள். இதுதான் மிகக் கெட்ட பொய், ஏனென்றால் பயந்த பிள்ளை இதை நம்பும். வதிவிட அட்டையைக் கையாள்வது `préfecture` என்ற வேறு அலுவலகம். மெத்தையில் கறை என்று நீங்கள் எழுதுவது அங்கே போகிற விசயமே இல்லை. குறிப்பு எழுதுவது சண்டையும் இல்லை. எழுதுவதற்கென்றே அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு மாணவர்கள் நிறைத்து எழுதுவதை நானே பார்த்தேன்.

இரண்டாம் வருசம் வேறு அறை. இந்த முறை 35 நிமிசம் எடுத்தேன். பைப்பைத் திறந்து விட்டு சிங்க்குக்கு அடியில் கையை வைத்தேன். எல்லா லைட்டும் போட்டேன், யன்னலைத் திறந்து மூடினேன், அடுப்பைச் சூடாக்கினேன், மெத்தையைப் புரட்டினேன். பிரெஞ்சு அரைகுறைதான். ஆனால் இதற்கு இலக்கணம் தேவையில்லை. பொருள், பழுது, அளவு, இடம் இருந்தால் போதும். நான் எழுதியது இது:

```
Matelas : tache brune, 10 cm, côté mur.
Évier : robinet qui goutte.
```

மெத்தையில் சுவர்ப்பக்கம் 10 சென்ரிமீற்றர் பழுப்புக் கறை, சிங்க் பைப் சொட்டுகிறது. இவ்வளவுதான். ஊழியர் வாசித்தார், தலையாட்டினார், இருவரும் கையெழுத்துப் போட்டோம், ஒரு பிரதியை எனக்குத் தந்தார். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அன்றைக்கே விடுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். போட்டோ போனிலேயே கிடந்தால் அது எந்தத் தேதியில் எடுத்தது என்று பிறகு வாதாட வேண்டி வரும். அனுப்பிய மின்னஞ்சலுக்குத் தேதி இருக்கிறது.

பிந்திக் கண்டுபிடித்தால்? தனியார் வீடு என்றால் 1989 ஜூலை 6ஆம் திகதிச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வந்து 10 நாளுக்குள் அந்தப் பத்திரத்தில் விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். போகும்போது இரண்டு தாளும் ஒத்துப்போனால் ஒரு மாதத்துக்குள் டிப்போசிட்டைத் திருப்பித் தர வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு மாதம். சாதாரணமாகப் பாவித்ததால் வரும் தேய்மானத்துக்கு வாடகைக்காரரிடம் காசு கழிக்கக் கூடாது.

ஆனால் அரசின் `CROUS` விடுதி அறையை அந்தத் தனியார் வாடகை வீட்டைப் போலவே நினைக்க வேண்டாம். அங்கே உங்களுக்குக் கிடைப்பது `décision d'admission` என்ற அனுமதி முடிவு. அதோடு `règlement intérieur` என்ற உள்விதிகள் வரும். குறைகளை எத்தனை நாளுக்குள் அறிவிப்பது, வெளியேற எவ்வளவு முதல் அறிவித்தல் கொடுப்பது, எதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதை அந்தத் தாள்களில்தான் தேட வேண்டும். வொய்ஸ் மெசேஜ் நானாவுக்கு உங்கள் விடுதியின் உள்விதி தெரிய வழியில்லை. அவர் 15 வருசத்துக்கு முதல் எடுத்தது ஒரு தனியார் றூம்.

எங்கட ஆட்களுக்கு எழுத்தின் அருமை தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. உம்மம்மா எருக்கலம்பிட்டிக்காரி. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்திறங்கினவ. வீட்டு உறுதி கூட வரவில்லை. பிறகு, காணியைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு அதிகாரி கேட்டது ஒன்றுதான்: "பத்திரம் எங்க?" இண்டைக்கும் உம்மம்மா சொல்லுவா: முன்னுக்கு விறாந்தை, ரெண்டு அறை, கிழக்கால கிணறு, ஏழு தென்னை, குசினிக் கதவில ஒரு கீல் உடைஞ்சது. எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது. எந்தத் தாளிலும் இல்லை.

அந்த இழப்பையும் என் 115 யூரோவையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் பத்திரம் இல்லாததால் முப்பது வருசத்துக்கு மேல் பட்ட வீட்டில் பிறந்த நான், பத்திரத்தைக் கையில் தந்தபோது வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதுதான் எனக்கு வெட்கம்.

ஆகவே பெரியவர்களே, அடுத்த பிள்ளையை அனுப்பும்போது "சைன் வெச்சிட்டு சும்மா இரு" என்று சொல்லாதீர்கள். போகிற பிள்ளைகளே, யாராவது சிரித்துக்கொண்டு "சா வா?" என்று கேட்டால், நீங்களும் சிரித்துக்கொண்டே "பொறுங்க, பாக்கிறன்" என்று சொல்லுங்கள். உம்மம்மாவுக்குக் கதையைச் சொன்னபோது அவ கேட்டது, "இந்த முறை கதவுக் கீலையும் எழுதினியா?" என்று. எழுதவில்லை. அடுத்த முறை எழுதுவேன்.