"கடைசி மேட்ச் எத்தனை மணிக்கு?" - வீட்டில் கேம் சண்டையைக் குறைக்கும் ஒரு கேள்வி

"எட்டு மணி ஆச்சு, போனை வை!"

"அம்மா, இந்த ஒரு மேட்ச் மட்டும்மா... பாதியில விட முடியாதும்மா!"

பல வீடுகளில் தினமும் கேட்கும் உரையாடல் இது. 'பையன் சாக்குச் சொல்கிறான்' என்று அம்மா நினைக்கிறார். ஆனால், பிள்ளை சொல்வதில் உண்மை இருக்கிறது. ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ போன்ற விளையாட்டுகளை நடுவில் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு தொடர முடியாது. நான்கு பேர் கொண்ட அணியாக ஆடும்போது ஒருவன் வெளியேறினால், மற்ற மூவரும் தவிப்பார்கள். அவனுடைய ரேங்க் புள்ளியும் குறையலாம். கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் பேட்டைப் பிடுங்குவது போலத்தான் இது!

அதனால், 'எட்டு மணிக்கு நிறுத்து' என்ற விதி பெரும்பாலும் சண்டையில்தான் முடிகிறது. அதற்குப் பதில், 'கடைசி மேட்ச்சை எத்தனை மணிக்குள் தொடங்க வேண்டும்?' என்று வரையறுக்கலாம்.

கணக்கு இப்படித்தான்

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். வீட்டுப்பாடம் முடித்து ஏழு மணிக்கு ஃப்ரீ ஃபயர் ஆட உட்காருகிறான். அதில் ஒரு மேட்ச் 10 முதல் 15 நிமிடம் வரை போகும். 7.40-க்கு அவன் சாப்பிட வர வேண்டும் என்றால், விதி இதுதான்: 7.20-க்குப் பிறகு புதிய மேட்ச் தொடங்கக் கூடாது. தொடங்கியதை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம். அதிகபட்சம் 7.35-க்குள் போன் சார்ஜரில் இருக்கும்.

'இரண்டு மேட்ச் மட்டும்' என்று எண்ணிக்கை வைத்தால் வேறு சிக்கல் வரும். இரண்டே நிமிடத்தில் அவுட்டானால், "இது கணக்கில்லப்பா" என்பான். தொடங்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் அந்த வாக்குவாதத்துக்கு இடமில்லை.

அவன் ஆடுவது பிஜிஎம்ஐ என்றால் கணக்கு மாறும். அதில் பெரிய மேப்பில் ஒரு மேட்ச் அரை மணி நேரம் வரை இழுக்கும். அப்போது ஏழு மணிக்குத் தொடங்கும் ஒரே மேட்ச்தான். இரண்டாவது வேண்டுமென்றால் சனி, ஞாயிறில். இந்த நேரங்களைப் பிள்ளை போனைக் கையில் வைத்திருக்கும்போது பேசாதீர்கள். ஞாயிறு மதியம் சாவகாசமாக உட்கார்ந்து, அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். தானே போட்ட கணக்கை மறுத்துப் பேசுவது அவனுக்குக் கடினம். "7.20-க்கு மேல வர மாட்டேன்டா" என்று கூட்டாளிகளிடமும் அவனே முன்கூட்டிச் சொல்லட்டும்.

பொய்யா, மெய்யா?

"இப்பத்தான் முடியப்போகுது" என்பது நிஜமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சமையலறையிலிருந்து குரல் கொடுக்காமல் பக்கத்தில் போய்த் திரையைப் பாருங்கள். இன்னும் எத்தனை பேர் களத்தில் இருக்கிறார்கள் என்ற எண் அதில் தெரியும். ஐந்து, ஆறு என்றால் ஆட்டம் முடியும் கட்டம். நாற்பதைத் தாண்டினால் ஆட்டம் முடிய இன்னும் நேரமிருக்கிறது!

விதியை மீறி ஒரு மேட்ச் கூடுதலாக ஆடினால், மறுநாள் கடைசித் தொடக்கம் 15 நிமிடம் முன்னால் வரும். அவ்வளவுதான். 'ஒரு மாசத்துக்கு போனே கிடையாது' என்று சொன்னால், மூன்றாம் நாள் நாமே கொடுத்துவிடுவோம். அதற்குப் பிறகு நம் எந்த விதிக்கும் மதிப்பிருக்காது.

பூட்டு எதற்கு?

பிள்ளைக்குத் தனி ஆண்ட்ராய்டு போனும் தனி கூகுள் கணக்கும் இருந்தால், Family Link ஆப் மூலம் போனுக்கு நேர வரம்பு வைக்கலாம். ஆனால், பூட்டும் நேரத்தை 7.35-க்கு வைக்காதீர்கள், 7.50-க்கு வையுங்கள். மேட்ச் நடுவில் திரை பூட்டிக்கொண்டால், பழைய சண்டைதான் திரும்ப வரும். தினமும் எழுந்துவர வைப்பது பேசிவைத்த விதியாக இருக்கட்டும். பூட்டு அதற்குப் பின்னால் நிற்கும் வேலி மட்டுமே.

அம்மா, அப்பாவின் போனில் ஆடும் பிள்ளைக்கு இது உதவாது. அந்த வீடுகளில் Settings-ல் உள்ள Digital Wellbeing பகுதிக்குப் போனால், ஒவ்வொரு ஆப்பும் அன்று எத்தனை நிமிடம் ஓடியது என்று தெரியும். வாரம் ஒருமுறை அதைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள்.

இந்த விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் போதாது. தூக்கம், சாப்பாடு, பள்ளி மூன்றும் கெட்டும் மாதக்கணக்கில் விளையாட்டை நிறுத்த முடியவில்லை என்றால், அது நேர அட்டவணையால் தீரும் பிரச்னை அல்ல. மனநல ஆலோசனை தேவை. அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.