“நல்லா இருந்துச்சு மேடம்” – ஒரு படிவத்தின் மீது என் புகார்

எங்கள் அமராவதி நகரில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பி.எட். படிக்கிறாள். போன வாரம் ஒரு மாலை, கையில் கைப்பேசியும் ஒரு கட்டுக் காகிதமுமாக வந்தாள். “ஏனுங் தாத்தா, மைக்ரோ டீச்சிங் முடிஞ்சுதுங்க. கூடப் படிக்கிறவங்க எல்லாம் ஆறுக்கு ஆறு போட்டிருக்காங்க, பாருங்க” என்றாள். காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். பார்த்த நிமிடத்திலிருந்து எனக்குக் கோபம். அந்தப் பெண் மேல் அல்ல, அந்தக் காகிதத்தின் மேல்.

ஒன்பது படிவங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றே கேள்விகள். பாடம் தெளிவாக இருந்ததா? வேகம் பொருத்தமாக இருந்ததா? மாணவர்கள் பங்கேற்றார்களா? எதிரே பூஜ்யம் முதல் ஆறு வரை எண்கள், வட்டம் போட வேண்டும். அடியில் “குறிப்பு” என்று ஒரு கோடு. ஒன்பது பேரும் ஐந்து அல்லது ஆறில் வட்டம் போட்டிருந்தார்கள். குறிப்புக் கோட்டில் ‘குட்’, ‘வெரி குட்’, ‘கீப் இட் அப்’. ஒருத்தி மட்டும் ‘குரல் நன்று’ என்று எழுதியிருந்தாள்.

முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் நான். “பார்த்தேன்” என்று மட்டும் எழுதிச் சுருக்கொப்பம் போட்டு மேலே தள்ளிவிடும் கோப்புகள் எத்தனையோ என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. அவர் எதைப் பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஒன்பது படிவங்களும் அந்த ஜாதி.

கேள்வியே தப்பு என்பது என் கட்சி. பதில் எழுதிய பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன்.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எங்கள் வாத்தியார் ஒருவர் இலக்கணப் பாடம் நடத்துவார். பார்த்திசிப் பாஸ்ஸே என்று ஒரு சமாச்சாரம். வினைச்சொல்லின் கடைசி எழுத்து, செயப்படுபொருள் முன்னால் வந்தால் ஒரு மாதிரி, பின்னால் வந்தால் வேறு மாதிரி மாறும். கரும்பலகையில் மளமளவென்று எழுதிவிட்டுத் திரும்பி, “செ க்ளேர்?” என்பார். தெளிவாயிற்றா என்று அர்த்தம். நாற்பது பேரும் ஒரே குரலில் “உய், முசியே!” என்போம். ஒருவனுக்கும் புரிந்திருக்காது. பிறகு ‘டிக்தே’ வரும். அவர் வாசிக்க நாங்கள் எழுத வேண்டும், எழுதியதைப் பக்கத்துப் பையனிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். பென்சிலால் அவன் அடிக்கோடு போடுவான். ஐந்து பிழை என்றால் இருபதுக்குப் பூஜ்யம். அப்போதுதான் யாருக்கு எது புரியவில்லை என்று வெளியே வரும். என் பக்கத்தில் இருந்தவன் என் உயிர் நண்பன். அவன் என்னிடம் ‘குட்’ என்று சொன்னதே கிடையாது. எந்தச் சொல்லில் எந்த எழுத்து தப்பு என்று கோடு போட்டான். நட்பு ஒன்றும் கெடவில்லை. “செ க்ளேர்” என்ற கேள்விக்கு வந்த பதிலையும் டிக்தேயில் வந்த பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தப் படிவம் முதல் ஜாதிக் கேள்வியைத்தான் அச்சடித்து வைத்திருக்கிறது.

இந்த மைக்ரோ டீச்சிங் என்ற முறை 1963 வாக்கில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலனும் அவருடைய கூட்டாளிகளும் வளர்த்தது. நம் நாட்டுக்கு அறுபதுகளின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. இங்கே வழக்கமான கணக்கு 36 நிமிடம்: ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்துச் சொல்லல், பன்னிரண்டு நிமிடம் திருத்தி எழுதல், ஆறு நிமிடம் மறுபடியும் பாடம், கடைசி ஆறு நிமிடம் மறுபடி கருத்து. கவனியுங்கள், அதிக நேரம் திருத்தி எழுதுவதற்குத்தான். ‘வெரி குட்’ என்ற காகிதத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் எதைத் திருத்துவது? அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “அது ரெக்கார்டு நோட்ல எழுதிக்குவோமுங்க தாத்தா, ரெண்டாந்தடவை எடுக்க நேரமில்லீங்க” என்றாள். ஆக, முறையின் முதுகெலும்பை உருவிவிட்டு நோட்டில் மட்டும் நிற்க வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் முன்னால் உட்கார்ந்தவர்கள் நிஜமான மாணவர்கள். இங்கே உடன் படிப்பவர்களே மாணவர்களாக நடிக்கிறார்கள். பட்டம் வாங்கிய பெண்ணிடம் ஏழாம் வகுப்புச் சதவீதக் கணக்கு தெளிவாக இருந்ததா என்று கேட்டால் இருந்தது என்றுதான் சொல்லுவாள். அவளுக்கு அது பத்து வருடத்துக்கு முன்பே தெளிவாகிவிட்டதே!

கைப்பேசியில் இருந்த பாடத்தை மூன்று தடவை பார்த்தேன். சுவர்க் கடிகாரமும் பென்சிலும் துணை. எட்டுப் பேர் மாணவர்கள், ஒருத்தி படம் பிடிக்கிறாள். பாடம் சதவீதம். ஆடித் தள்ளுபடியில் ஆரம்பிக்கிறாள்: 250 ரூபாய் பனியன் பெட்டிக்கு 20 சதவீதம் தள்ளுபடி. நல்ல உதாரணம், திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேட்டதும் பிடிக்கும். ஆனால் கடை, கூட்டம், அம்மா பேரம் பேசியது என்று கதை மூன்று நிமிடம் இருபது நொடி ஓடுகிறது. அப்புறம் “சதவீதம் என்பது நூறைப் பகுதியாகக் கொண்ட பின்னம்” என்ற விளக்கம். பலகையில் எழுதுகிறாள். 250-ஐ ஏன் 20/100-ஆல் பெருக்க வேண்டும் என்ற இடத்துக்கு வரும்போது ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. அந்தக் கணக்குக்குக் கிடைத்தது நாற்பது நொடி. மிச்சம் இருபது நொடி “புரிஞ்சுதா?”

வேகம் பொருத்தமா என்ற கேள்விக்கு எல்லோரும் ஆறு போட்டது இதற்குத்தான். அவள் நிதானமாகப் பேசுகிறாள், அதனால் வேகம் சரி என்று நினைத்துவிட்டார்கள். பேச்சின் வேகம் வேறு, பாடத்தின் வேகம் வேறு. கஷ்டமான இடத்துக்கு எத்தனை நேரம், சுலபமான இடத்துக்கு எத்தனை நேரம் என்பதுதான் பாடத்தின் வேகம். கடிகாரம் பார்த்து எழுதாமல் அது யாருக்கும் தெரியாது.

பங்கேற்பு? எண்ணினேன். பதினோரு கேள்வி கேட்கிறாள். ஆறு “சரியா?”, “புரியுதா?” வகை, எட்டுப் பேரும் கோரஸாக “எஸ் மிஸ்”. மீதி ஐந்தில் மூன்றுக்கு ஒரு நொடி கூடப் பொறுக்காமல் அவளே பதில் சொல்லிவிட்டாள். இரண்டுக்கு முன் வரிசைப் பெண் ஒருத்தியே பதில். மற்ற ஏழு பேர் தனியாக வாய் திறக்கவே இல்லை. சத்தம் இருந்தது, அதனால் பங்கேற்பு ஆறு! கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீளும், பேசாத பிள்ளைகளும் பேசும் என்றும் மேரி பட் ரோ என்ற அம்மையார் எழுபதுகளிலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்.

நான் இதையெல்லாம் சொன்னதும் அவள் முகம் சுண்டிவிட்டது. “தாத்தா, நீங்க தப்புக் கண்டுபிடிக்கவே பொறந்தவருங்க. இப்படிச் சொன்னா யாரும் பேச மாட்டாங்க” என்றாள். அதுதான் இல்லை, பாப்பா. “உன் பாடம் தெளிவில்லை” என்று சிநேகிதி சொன்னால் மனசு நோகும். “கதை மூன்று இருபது, கணக்கு நாற்பது நொடி” என்று எழுதிக் கொடுத்தால் அதில் நோக என்ன இருக்கிறது? கடிகாரத்தோடு யார் சண்டை போடுவார்கள்?

எனவே படிவத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன். கேள்விகளைப் பாடத்துக்கு முன்னால் கொடுக்க வேண்டும், ஆளுக்கு ஒரு வேலையாக. மூன்றையும் எல்லோரும் பார்த்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஒருத்திக்குக் கடிகாரம்: பாடம் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாவும்போதெல்லாம் மணியைக் குறிக்க வேண்டும். ஒருத்திக்கு உட்காரும் படம்: எட்டுக் கட்டம் போட்டு, தனியாகப் பேசியவர் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு, கோரஸுக்குக் கோடு கிடையாது. தெளிவுக்கு இரண்டு பேர். பாடம் முடிந்ததும், ஒருவரையொருவர் பார்க்காமல், “சதவீதம் என்றால் என்ன என்று இந்த ஆசிரியை சொன்னார்?” என்று ஒரே வாக்கியம் எழுத வேண்டும். தனக்கு முன்பே தெரிந்ததை எழுதக்கூடாது, இன்று காதில் விழுந்ததை மட்டும். கூடவே, விளக்காமல் பயன்படுத்திய சொல் ஒன்றைக் குறிக்க வேண்டும். முதல் பாடத்தில் அது ‘பகுதி’. பின்னத்தில் கீழே இருப்பது பகுதி என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளை பாதி மறந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறு சிநேகிதிகளைக் கூட்டி வந்து மறுபடி நடத்தினாள். கதையை நாற்பது நொடியில் முடித்தாள். நூறு ரூபாய்க்கு 20, இருநூறுக்கு 40, ஐம்பதுக்கு 10 என்று பலகையில் (எங்கள் பழைய காலண்டரின் பின்பக்கம்) எழுதி, 250-க்கு என்ன என்று கேட்டுவிட்டு நின்றாள். உதடு அசைவதிலிருந்தே ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிறாள் என்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பின்னால் இருந்த பெண் “அம்பது” என்றாள். ஏழு கேள்வி, நான்கு கட்டத்தில் கோடு.

ஆனால் தெளிவுக்கு வைத்த இருவரின் காகிதத்தைப் பிரித்ததும் எல்லோரும் ஒரு நிமிடம் பேசவில்லை. ஒருத்தி, “நூற்றுக்கு எத்தனை என்பது சதவீதம்” என்று எழுதியிருந்தாள். மற்றவள், “நூறு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் குறைப்பார்கள் என்பது சதவீதம்” என்று. தப்புச் சொல்ல முடியாது, காதில் விழுந்தது அதுதான். எல்லா உதாரணமும் ரூபாய், எல்லாம் தள்ளுபடி. நிஜமான ஏழாம் வகுப்புப் பிள்ளையும் இப்படித்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கும், பரீட்சையில் 50-க்கு 40 மதிப்பெண் எத்தனை சதவீதம் என்று கேட்டால் விழித்திருக்கும். பழைய படிவத்தில் இதற்கும் ஆறு விழுந்திருக்கும்.

இந்த முறையும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. நிஜப் பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்பது பள்ளிக்கூடத்தில் பயிற்சிக்குப் போகும் அந்தப் பதினாறு வாரத்தில்தான் தெரியும். அதற்கு முன்னால், சிநேகிதி எண்ணிச் சொல்லக்கூடியதை எண்ணிச் சொல்லட்டும்.

கல்லூரிக்குப் பழைய படிவம்தான் வேண்டுமாம், ரெக்கார்டில் ஒட்ட. ஒட்டிவிட்டாள். அதன் பின்பக்கத்தில் உட்காரும் படத்தையும் ஒட்டியிருக்கிறாள். மூன்றாம் தடவைக்கு மதிப்பெண் உதாரணம் ஒன்றும், அமராவதி அணையில் தண்ணீர் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதும் சேர்த்துக்கொள்ளப் போகிறாளாம். அடுத்த ஞாயிறும் திண்ணை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.