பெயரை மாற்றினீர், பிழையைச் சொன்னீரா?

பழம்பெயரை நீக்கிப் புதுப்பெயர் சூட்டும் வணிக நிறுவனம் ஒன்றின் செய்தியறிக்கையில் நாம் முதலில் தேட வேண்டியது ஒன்றே: பழைய பெயரில் என்ன பிழை? அதனைச் சொல்லாமல் 'புத்தொளி', 'புதுப்பயணம்' என்று எத்துணைப் பக்கம் எழுதினும் அது விளம்பரமேயன்றி விளக்கமாகாது.

2020 சூன் 17-இல் அமெரிக்கக் குவேக்கர் ஓட்சு நிறுவனம் விடுத்த அறிக்கையைப் பாருங்கள். 'ஆண்ட் செமைமா' என்பது அது விற்ற அப்பமாவின் பெயர். பொதியின்மேல் சிரித்த முகத்துடன் ஒரு கறுப்பினப் பெண். கறுப்பினத்தாரை எள்ளி ஆடிய மேடைக்கூத்தின் பாட்டொன்றிலிருந்து 1889-இல் எடுத்த பெயர் அது. வெள்ளையர் வீட்டில் மகிழ்ந்து தொண்டு செய்யும் அடிமைத்தாய் என்னும் பொய்யுருவே அதன் வேர். 1893-இல் சிகாகோ கண்காட்சியில் அவ்வுருவை ஏற்று நின்ற நான்சி கிரீன் அடிமையாய்ப் பிறந்தவர்.

நிறுவனம் சுற்றிவளைக்கவில்லை. இப்பெயரின் தோற்றம் இனம்பற்றிய இழிவுருவில் அமைந்தது. இடையிடையே திருத்தினோம், அது போதவில்லை என்று ஒப்புக்கொண்டது. 2021 பிப்பிரவரியில் 'பேர்ல் மில்லிங் கம்பெனி' என்னும் புதுப்பெயரை அறிவித்தபோதும், அது 1888-இல் தொடங்கிய பழைய ஆலையின் பெயர் என்றும், சூன் திங்களில் கடைக்கு வரும் என்றும், அதுவரை பழம்பெயரிலேயே, படமின்றிப் பொதிகள் கிடைக்கும் என்றும் எவர்க்கும் விளங்கச் சொன்னது. சியார்ச்சு பிளாய்டு காவலரால் கொல்லப்பட்டு நாடே கொதித்தெழுந்த பின்னரே இவ்வறிவு பிறந்தது; அதை மறக்க வேண்டா. எனினும் சொல்லில் ஒளிவில்லை.

அதே சூன் 25-இல் இந்துத்தான் யூனிலீவர், 1975 முதல் விற்றுவந்த 'பேர் அண்டு லவ்லி' களிம்பின் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் 'பேர்' என்னும் சொல்லை நீக்குவதாக அறிவித்தது. 'சிவப்பழகு' என்று நம் வீட்டுக்கூடத்திலேயே வந்து விற்றார்களே, அதே களிம்புதான்! இச்சொற்கள் ஒரே வகை அழகைத்தான் அழகெனக் காட்டுகின்றன, அது சரியன்று என்று தாய்நிறுவனத்தார் ஒப்பினர். நன்று. ஆனால் குற்றத்தைச் சொல்லின்மேல் ஏற்றிவிட்டு, சொல்லை வைத்துத் தாம் செய்ததை விழுங்கிவிட்டனர். கருநிறப் பெண் வேலையின்றி, மணமின்றி வாடுவாள். களிம்பு பூசி வெளுத்ததும் இரண்டும் தேடிவரும். இதுவன்றோ அவர்கள் காட்டிய படம்? அறிக்கையோ, இக்களிம்பு தோலை வெளிறச்செய்யும் பொருளாக என்றுமே இருந்ததில்லை என்று தற்காப்பும் பேசியது. அங்ஙனமாயின் அந்த விளம்பரங்கள் எதை விற்றன? சூலை 2-இல் 'குளோ அண்டு லவ்லி' என்று புதுப்பெயர் வந்தது. இவ்வினாவுக்கு விடை வரவில்லை.

அவ்வறிக்கை இப்படி இருந்திருக்கலாம்:

"வெளுப்பே அழகென்று நாற்பத்தைந்து ஆண்டுகள் விளம்பரம் செய்தோம். கருநிறத்தைக் குறையாகக் காட்டிப் பொருளீட்டினோம். அது தவறு. ஆதலின் பெயரை மாற்றுகிறோம்; அவ்வகை விளம்பரம் இனி எம்மிடமிருந்து வாராது. பழைய பொதிகள் இன்ன நாள்வரை கடைகளில் இருக்கும்."