சளி மாத்திரையும் காய்ச்சல் மாத்திரையும் ஒண்ணா போடுறவங்களுக்கு ஒரு த்ரெட்

சளி, காய்ச்சல்னு வர்றவங்ககிட்ட "ஏற்கெனவே என்ன மாத்திரை போட்டீங்க?"ன்னு கேட்டா, உடன்குடி பக்கம் அதிகமா வர்ற பதில்: "கடையில ஒரு செட் வாங்கிப் போட்டேன் டாக்டர்." அந்த செட்டுல என்ன இருந்துச்சுன்னு கேட்டா தெரியாது. அட்டையை வெட்டி, நாலு மாத்திரையை ஒரு பேப்பர் கவர்ல போட்டுக் கொடுத்திருப்பாங்க. வெட்டின துண்டுல பேரு பாதிதான் இருக்கும்.

இதுல எனக்கு இருக்கிற பெரிய பயம் பாராசிட்டமால். அது கெட்ட மருந்து இல்லீங்க. அளவா போட்டா ரொம்பப் பாதுகாப்பானது. ஒரே மருந்து மூணு வேற பேர்ல உள்ள போறதுதான் பிரச்சனை.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருத்தர் ஜி.எச்.ல 500 மி.கி. காய்ச்சல் மாத்திரை வாங்குறார், மூணு வேளை. அது 1500. "கவர்ன்மென்ட் மாத்திரை கேக்காது"ன்னு கடையில டோலோ 650 வாங்கி அதையும் மூணு வேளை போடுறார். அது 1950. மூக்கு ஒழுகுதேன்னு ஒரு சளி மாத்திரை, காலையும் ராத்திரியும். அதுலயும் பெரும்பாலும் 500 மி.கி. பாராசிட்டமால் இருக்கும். அது 1000. மொத்தம் 4450 மி.கி.

நல்லா சாப்பிடுற, திடகாத்திரமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு உச்ச வரம்பு 4000. இவரைக் கேட்டா "மூணு வேற வேற மருந்துதானே சார்"ம்பார். இவர் 45 கிலோ ஆளா இருந்து, தினமும் குடிக்கிறவரா இருந்து, காய்ச்சல்ல ரெண்டு நாளா கஞ்சிகூட இறங்கலைன்னா, நான் 2000-த்தோட நிறுத்தச் சொல்வேன்.

ஏன்னா, பாராசிட்டமால்ல ஒரு சின்னப் பங்கு கல்லீரல்ல விஷப்பொருளா மாறும். அதை அப்பப்போ முறிக்கிறதுக்கு கல்லீரல்ல குளுட்டாதயோன்னு ஒரு சரக்கு கையிருப்பு இருக்கும். பட்டினி, குடி, மெலிஞ்ச உடம்பு இதுல எல்லாம் அந்தக் கையிருப்பு குறைவு. அது தீர்ந்துட்டா விஷம் கல்லீரல் செல்லையே தாக்கும்.

உடம்புவலி மாத்திரையையும் மறந்துடாதீங்க. காம்பிஃப்ளாம், ஜீரோடால்-பி ரெண்டுலயும் 325 மி.கி. இருக்கு. சாரிடான்ல 250. வளைகுடாவுல இருந்து மச்சான் கொண்டுவந்த பனடாலும் இதே மருந்துதான். அமெரிக்கா டப்பான்னா அசிட்டமினோஃபென்னு போட்டிருக்கும், அதுவும் இதேதான்.

இப்ப என் கருத்தைச் சொல்றேன். எல்லாம் கலந்த சளி மாத்திரையே பெரும்பாலானவங்களுக்குத் தேவையில்லை. சாதாரண சளியில காய்ச்சல் ரெண்டு மூணு நாள்ல விட்டுரும், மூக்கு ஒழுகுறது ஒரு வாரம் இழுக்கும். மூக்குக்காக நீங்க கலவை மாத்திரையைத் தொடர்ந்தா, காய்ச்சலே இல்லாம பாராசிட்டமாலும் தினமும் கூடவே போகுது.

அந்தக் கலவையில மூக்கடைப்புக்குன்னு சேர்க்கிற ஃபினைலெஃப்ரின், வாய்வழியா சாப்பிட்டா மூக்கடைப்பைக் குறைக்கிறதில்லைன்னு அமெரிக்க எஃப்.டி.ஏ.வோட நிபுணர் குழு 2023-ல ஒருமனதா சொல்லிடுச்சு. பிபி இருக்கிறவங்களுக்கு அது நல்லதும் இல்லை. அப்புறம் எதுக்கு அதுக்குக் காசு?

"ஒரே மாத்திரையில வேலை முடியுதே"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா தனித்தனியா வாங்கினா எதை எப்ப நிறுத்தணும்னு உங்க கையில இருக்கும். காய்ச்சலோ வலியோ இருந்தா மட்டும் பாராசிட்டமால், 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளியில. மூக்கு ஒழுகினா ராத்திரி ஒரு செட்ரிசின் 10 மி.கி. (தூக்கம் வரும், போட்டுட்டு பைக் எடுக்காதீங்க). மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணி சொட்டு மருந்து. நம்ம ஊர் கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி தாராளமா குடிங்க, அது இந்த மாத்திரைகளோட மோதாது. இதெல்லாம் பெரியவங்களுக்கு மட்டும். குழந்தைகளுக்கு எடை பார்த்துத்தான் அளவு.

கடையில கேக்க வேண்டியது ஒரே கேள்வி: "அண்ணே, இதுல எதுலல்லாம் பாராசிட்டமால் இருக்கு?" ரெண்டுல இருக்குன்னா ஒண்ணைத் திருப்பிக் கொடுத்துருங்க. பேரும் மி.கி.யும் தெரியிற மாதிரி அட்டையை வெட்டித் தரச் சொல்லுங்க.

ஏற்கெனவே கூடுதலா போட்டுட்டீங்களா? முதல் நாள் ஒண்ணுமே தெரியாம இருக்கலாம். வந்தாலும் குமட்டல், வாந்தி, பசியின்மைதான் வரும். அதைக் காய்ச்சலோட சேர்த்து "ஜுர வாந்தி"ன்னு விட்டுருவாங்க. ரெண்டாம் மூணாம் நாள்தான் வலது விலாவுக்குக் கீழ வலி, கண்ணு மஞ்சள், மூத்திரம் அடர்நிறம் எல்லாம் வரும். மஞ்சள் வர்ற வரை காத்திருக்காதீங்க.

இதுக்கு என்-அசிட்டைல்சிஸ்டைன்னு மாற்று மருந்து இருக்கு. ஒரே தடவையில அதிகமா போட்டிருந்தா முதல் 8 மணி நேரத்துக்குள்ள கொடுத்தா நல்லா வேலை செய்யும். பல நாளா கொஞ்சம் கொஞ்சமா கூடியிருந்தா, ரத்தத்துல கல்லீரல் டெஸ்ட் பார்த்துத்தான் முடிவெடுப்போம். வரும்போது வீட்டுல இருக்கிற எல்லா அட்டையையும், காலி அட்டையையும் சேர்த்து, ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. எதை எத்தனை மணிக்குப் போட்டீங்கன்னும் ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக்கோங்க.