ஆறு பேருக்கு விருந்து... அடுப்படியில் ஆள் இல்லை!

நான்கு வருடங்களுக்கு முன், என் கல்லூரித் தோழி குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாள். ரொம்ப நாள் கழித்து வருகிறாளே என்று நெய் ரோஸ்ட், மூன்று சட்னி, சாம்பார் என்று ஏற்பாடு செய்திருந்தேன். தோசையைச் சூடாகத்தானே போட முடியும்? ஒருவர் சாப்பிட்டு முடிக்க, அடுத்தவருக்கு ஒன்று என்று ஒன்றரை மணி நேரம் கல்லின் முன்னாலேயே நின்றேன். அவள் அடுப்படி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு ஏதேதோ சொன்னாள். பாதி, தோசை வேகும் சத்தத்தில் காதில் விழவே இல்லை. கிளம்பும்போது சிரித்துக்கொண்டே, "இந்தத் தடவை உன் முதுகைத்தான்டி பார்த்துட்டுப் போறேன்" என்றாள். சிரிப்புதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

போன மாதம் அவள் மறுபடி வருவதாகச் சொன்னதும் ஒரே ஒரு முடிவு எடுத்தேன். விருந்தாளி வந்த பிறகு வேகவைப்பது, வறுப்பது, சுடுவது எதுவும் கிடையாது. சூடாக்குவது மட்டும்தான், அதுவும் பத்தே நிமிடம். அவள், அவள் கணவர், மகள், இங்கே நாங்கள் இருவரும் அத்தையும். ஆக ஆறு பேர்.

என் மாமியாருக்குத் திருநெல்வேலிப் பக்கம். அங்கே கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் சொதி வைப்பார்கள். "சாதத்துக்கும் ஊத்தலாம், இடியாப்பத்துக்கும் ஊத்தலாம். சொதியே வை" என்றார் அத்தை. அதைச் சுற்றியே மற்றதெல்லாம் அமைந்தது. முதலில் டம்ளரில் தக்காளி ரசமும் சுண்டலும். பிறகு இடியாப்பம், சொதி, இஞ்சித் துவையல், கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ். அதன்பின் தயிர்சாதம். கடைசியில் குளிர்ந்த பாதாம் கீர். சொதியில் இரண்டு தேங்காய் போய்விடுவதால், சுண்டலில் தேங்காய் சேர்க்காமல் எலுமிச்சை பிழிந்தேன். இனிப்பிலும் தேங்காயைத் தவிர்த்தேன்.

இஞ்சித் துவையல் இரண்டு நாள் முன்பே தயார். புளி, வெல்லம், எண்ணெய் எல்லாம் இருப்பதால் ஃபிரிட்ஜில் கெடாமல் இருக்கும், காரமும் கொஞ்சம் அடங்கும். முதல் நாள் ராத்திரி பாதாம் கீர். ஒன்றேகால் லிட்டர் பாலை ஒரு லிட்டராகச் சுண்டவிட்டு, ஊறவைத்துத் தோல் உரித்து அரைத்த 30 பாதாமும் அரை கப் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஏலக்காய் போட்டு இறக்கினேன். ஆறும்வரை அவ்வப்போது கிளறிவிட்டால் ஆடை படியாது. சுண்டலுக்குக் கொண்டைக்கடலையையும் அன்றே ஊறவைத்தாயிற்று.

விருந்து நாள் மாலை நான்கு மணிக்குத் தயிர்சாதம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தயிரை அள்ளி ஊற்றி முன்கூட்டியே பிசைந்து வைத்தால், ராத்திரிக்குள் புளித்துக் கல்லாக இறுகிவிடும். ஒரு கப் அரிசியைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, இரண்டு கப் காய்ச்சிய பால் ஊற்றிக் கலந்தேன். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டே டேபிள்ஸ்பூன் தயிர். நம்ம சென்னை வெயிலுக்கு எட்டரை மணிக்குள் சரியாகத் தோய்ந்துவிடும். ஏழு மணிக்கு ஒரு ஸ்பூன் ருசி பார்த்தேன். இலேசாகப் புளிப்பு எட்டிப் பார்த்ததால் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு இடியாப்பம். மூன்று கப் மாவுக்குச் சின்னதாக முப்பது வந்தது. கொதிக்கும் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால்தான் மாவு விரியாமல் இழை இழையாக வரும். பிழியும்போது இழை அறுந்து அறுந்து விழுந்தால், தண்ணீர் சூடு போதவில்லை என்று அர்த்தம். வெந்ததை ஆவி பறக்க ஹாட் பாக்ஸில் போட்டு மூடாதீர்கள். மூடியில் கோத்த நீர் சொட்டி, எல்லாம் ஒரே உருண்டையாகிவிடும். நான் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஈரத்துணியால் மூடி வைத்தேன். சாப்பிடும் நேரத்தில் இட்லிப் பானையில் மூன்று நிமிடம் ஆவி காட்டினால் புதிதாய்ப் பிழிந்த மாதிரி ஆகிவிடும்.

சொதிதான் கவனமாகச் செய்ய வேண்டியது. இரண்டு தேங்காயை அரைத்து மூன்று முறை பால் எடுத்தேன். முதல் பால் ஒன்றரை கப், கெட்டியாக. அதைத் தனியாக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். சின்ன வெங்காயம், பூண்டை வதக்கி, இஞ்சியும் எட்டுப் பச்சை மிளகாயும் அரைத்த விழுதைச் சேர்த்து, கேரட், பீன்ஸ், உருளை, பட்டாணி, முருங்கைக்காயை மூன்றாம் பாலில் வேகவிட்டேன். கால் கப் பாசிப்பருப்பை மலர வேகவைத்து, இரண்டாம் பாலோடு சேர்த்து ஒரு கொதி. அவ்வளவுதான், அடுப்பை அணைத்தாயிற்று. மணி ஆறரை. இந்த இடத்தில் சொதி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். தேங்காய்ப்பால் சமாச்சாரம், இரண்டு மணி நேரம் சரி. அதற்கு மேலானால் ஃபிரிட்ஜ்தான்.

முதல் பாலை இப்போதே ஊற்றிவிடலாமே என்று கை துடிக்கும். ஊற்றினால், பிறகு சூடாக்கும்போது கொதித்துத் திரிந்துவிடும். மேலே எண்ணெய் மிதக்கும், அடியில் தண்ணீரும் துருவலுமாகப் பிரியும். அப்படி ஆகிவிட்டால் காயை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றலாம். ஓரளவு சேர்ந்துவரும், பழைய வழவழப்பு வராது.

ஏழே கால் மணிக்கு ரசத்தை நுரை கட்டவிட்டு, தாளித்து, ஃபிளாஸ்க்கில் ஊற்றினேன். சுண்டலைத் தாளித்துக் கிண்ணங்களில் வைத்தேன். முகம் கழுவி, புடவை மாற்றவும் நேரம் இருந்தது!

ஏழரைக்கு வந்தார்கள். ரசத்தை டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்து, சுண்டல் கிண்ணத்தோடு நானும் சோபாவில் உட்கார்ந்தேன். அத்தை அவள் மகளிடம் படிப்பு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டே காலுக்கு எழுந்து, ஒரு அடுப்பில் இட்லிப் பானை, இன்னொன்றில் சொதி. அது சூடேறியதும் தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் ஆவி வந்து சிறு குமிழ் தெரிந்ததும் அணைத்தேன். எலுமிச்சைச் சாற்றை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் பிழிய வேண்டும். கொதியில் பிழிந்தாலும் பால் திரியும்.

பரிமாறுவதிலும் ஒரு மாற்றம். எல்லாவற்றையும் மேஜை நடுவில் வைத்து, ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். "நீ அப்புறம் சாப்பிடு, முதல்ல அவங்களுக்குப் போடு" என்று அத்தை சொல்வாரோ என்று கொஞ்சம் உதறல்தான். அவரோ சொதிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டிருந்தார். அடுப்படிக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. தயிர்சாதம் எடுத்துவர ஒரே ஒரு முறைதான் எழுந்தேன். கீரை உடனே நீட்டவில்லை. தட்டுகளை எடுத்துவிட்டு, அரைமணி கழித்து ஹாலில் கொடுத்தேன்.

அப்போதுதான் அவள், போன வருடம் தன் அப்பா போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். போன தடவை நிலைப்படியில் நின்றுகொண்டு அவருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவள் கிளம்பும்போது மணி பதினொன்றரை.

மிச்சம் ஐந்து இடியாப்பம். உதிர்த்து, காலையில் எலுமிச்சை சேவையாகிவிட்டது. சொதி ஒரு சொட்டு இல்லை.