அதிபர் எல்லாவற்றையும் தானே பார்க்க வேண்டும் என்றால்...

ஆசிரியர் அறையில் நாலு பேர் கூடினால் வரும் முதல் கதை சம்பளம், இரண்டாவது கதை அதிபர். "எதற்கெடுத்தாலும் மூக்கை நுழைக்கிறார், ஒரு துண்டுக் கடிதம் வெளியில் போகவும் அவரது கையெழுத்து வேண்டும்." அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை செய்கிற நம்ம ஊர்த் தம்பி தங்கைமாரும் தங்கள் மேலதிகாரியைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள். நாங்களும் இரண்டு வருடமாகச் சொன்னோம். பெட்டிசம் அடிக்கும் கதை வரைக்கும் போனது. அது எப்படி மாறியது என்பதை எழுதினால் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறோம்.

நாங்கள் தரம் 6 முதல் 9 வரை கணிதம் படிப்பிக்கும் நால்வர். புதிதாக வந்த அதிபர், மாதாந்தப் பரீட்சை வினாத்தாள் எதுவானாலும் தான் பார்த்துக் கையெழுத்து வைத்த பின்தான் போட்டோக்கொப்பிக்குப் போக வேண்டும் என்றார். சொன்னபடி பார்க்கவும் செய்தார். ஒரு தாள் திரும்பி வர நாலைந்து நாளாகும், வரும்போது சிவப்புப் பேனையால் நிறைந்திருக்கும். திருத்தி மறுபடி கொடுத்தால் இன்னும் இரண்டு நாள். சில மாதங்களில் பரீட்சைத் தினத்தன்று காலையில்தான் பிரதி எடுத்தோம். எங்களில் ஆக இளைய டீச்சர் ஒருவர், "எனக்குக் கணக்குத் தெரியாதென்று நினைக்கிறார்" என்று அழுதே விட்டார். வருடாந்த இடமாற்றப் படிவத்தையும் எடுத்து வைத்திருந்தார்.

ஒரு நாள் விரக்தியில், அவர் சிவப்புக் கோடு போட்ட பழைய தாள்களை எல்லாம் மேசையில் விரித்தோம். இரண்டு மாதத்துக்குரிய எட்டுத் தாள்கள். எண்ணிப் பார்த்ததில் 43 திருத்தங்கள். சண்டைக்கு ஆதாரம் தேடித்தான் எண்ணினோம், உண்மையைச் சொன்னால். ஆனால் வகை பிரித்தபோது வேறொன்று தெரிந்தது. வினா இலக்கமும் புள்ளியும் பொருந்தாதவை 19. எழுத்துப் பிழை 11. நேரம், தரம், பாடசாலைப் பெயர் விடுபட்டவை 6. படம் தெளிவில்லாதவை 4. கணிதம் சம்பந்தப்பட்டவை மூன்றே மூன்று.

அதாவது அவர் எங்கள் கணிதத்தைச் சந்தேகிக்கவே இல்லை. அவர் தமிழ் படித்தவர், கணிதத் தாளில் தன் கண்ணுக்குப் படுவதை மட்டும் பார்த்திருக்கிறார். அந்த 43இல் 40 எங்கள் அவசரத்தால் வந்த பிழைகள். இதை ஒப்புக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிரதி அதிபரிடம் மெதுவாகக் கேட்டோம், இவர் ஏன் இப்படி என்று. முன்பு இருந்த பாடசாலையில் பிழையான ஒரு தாள் பிள்ளைகளின் கைக்குப் போய், ஒரு பெற்றார் அதை வலயக் கல்வி அலுவலகத்துக்கே கொண்டு போயிருக்கிறார். விளக்கம் கொடுக்கப் போனது தாளைத் தயாரித்த ஆசிரியர் அல்ல, அதிபர். அவருக்கே தெரியாத ஒரு தாளுக்காக அந்தக் கதிரையில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார். அவர் பயந்தது பிழைக்கு அல்ல. தனக்கு முதல் வேறொருவருக்குத் தெரிந்து விடுகிற பிழைக்கு.

அதன் பிறகு எங்கள் வேலை இலகுவானது. அவர் பார்க்கும் விடயங்களையே ஒரு அரைத்தாளில் எழுதினோம்: புள்ளிகளின் கூட்டுத்தொகை, வினா இலக்கம், நேரம், படத்தின் தெளிவு, எழுத்துப் பிழை. தாள் தயாரித்தவர் அல்லாத இன்னொருவர் அதை வைத்துப் பார்த்துக் கையெழுத்திடுவது, அந்த அரைத்தாளையும் வினாத்தாளோடு இணைத்தே அதிபரிடம் கொடுப்பது. இன்னொருவர் என்பதுதான் முக்கியம். தான் எழுதிய பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. கொடுக்கும் நாளையும் மாற்றினோம். பரீட்சைக்குப் பத்து நாளுக்கு முன், அவர் கேட்பதற்கு முதல், மேசையில் இருக்கும்.

அடுத்த மாதம் நாலு தாளிலும் சேர்த்து ஒன்பது திருத்தம். அதற்கடுத்த மாதம் இரண்டு. தாள்கள் மறுநாளே திரும்பி வரத் தொடங்கின. அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் வாய் திறக்கவில்லை.

தவணை முடியும்போதுதான் கேட்டோம். "எங்களை நம்புங்கள் சேர்" என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் எந்த அதிபரும் ஆமென்று சொல்ல முடியாது. "சேர், அடுத்த தவணை மட்டும் தரம் 6, 7 தாள்களை நாங்களே பார்த்து அனுப்புகிறோம். பிரதி ஒன்று உங்கள் மேசைக்கு முதலே வரும். 8, 9 வழமைபோல. ஏதும் பிழை வந்தால் பழையபடி எல்லாம் உங்களிடம்" என்றோம். கொஞ்சம் யோசித்து, "சரி, பார்ப்போம்" என்றார்.

பிழை வந்தது! இரண்டாவது மாதமே, தரம் 7 தாளில். சரிபார்த்து முடிந்த பிறகு ஒருவர் கடைசி நேரத்தில் ஒரு வினாவுக்கு இன்னொரு பகுதி சேர்த்து விட்டார். 50 புள்ளித் தாள் 52 ஆகி விட்டது. பரீட்சை நடக்கும்போது ஒரு மாணவிதான் கூட்டிப் பார்த்துச் சொன்னாள்.

சத்தமில்லாமல் விட்டிருக்கலாம். எங்களில் ஒருவர் அப்படித்தான் சொன்னார், 2 புள்ளிதானே என்று. ஆனால் இடைவேளைக்கு முன் இருவர் அதிபரின் அறைக்குப் போனோம். "சேர், ஒரு பிழை விட்டு விட்டோம்" என்று தொடங்கி, என்ன நடந்தது, எத்தனை வகுப்புக்குப் போனது, அந்தப் பகுதியை நீக்கி 50க்கே புள்ளியிடுகிறோம், பிள்ளைகளுக்கும் சொல்லியாயிற்று, இனிச் சரிபார்த்த தாளில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மறுபடி பார்த்த பின்தான் போகும் என்று சொல்லி முடித்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "வேற ஆருக்கும் தெரியுமா?" உங்களிடம்தான் முதலில் வந்தோம் என்றோம். தலையை ஆட்டினார். பழைய முறைக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. அடுத்த தவணை 8, 9 தாள்களும் எங்கள் கைக்கு வந்தன.

இதனால் எல்லாம் தளர்ந்து விட்டதென்று எண்ண வேண்டாம். பாடக்குறிப்பை இன்றும் பார்க்கிறார். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகளையும், பிள்ளைகளிடம் வாங்கும் பணத்தின் பற்றுச்சீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பணத்தில் அவர் பார்ப்பதுதான் சரி என்பது எங்கள் அபிப்பிராயம், கணக்காய்வுக்கு வருகிறவர்கள் கேட்பது அவரைத்தான். நம்பிக்கை ஆளுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, வேலைக்கு வேலை தனித்தனியாகத்தான் கிடைக்கிறது.

எல்லா மேலதிகாரிக்கும் இது பலிக்காது என்பதும் தெரியும். பக்கத்துப் பாடசாலை நண்பர் ஒருவர் இதே அரைத்தாள் முறையைச் செய்து பார்த்தார். பிழை குறையக் குறைய அவரது அதிபர் புதுப் பிழை கண்டுபிடித்தார். போன மாதம் தானே திருத்திக் கொடுத்த வசனத்தை இந்த மாதம் வெட்டினார். அப்படியானால் அவர் தேடுவது பிழையை அல்ல, அந்த இடத்தில் திருத்தம் எதுவும் வேலை செய்யாது. நண்பர் இப்போது பணிப்புரைகளை எழுத்தில் கேட்டு வாங்கி, திகதி போட்டு ஒரு பைலில் வைக்கிறார். இடமாற்றமும் கேட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் இரண்டு தவணையாவது எண்ணிப் பார்க்காமல் "என் அதிபரும் அப்படித்தான்" என்று யாரும் முடிவுக்கு வர வேண்டாம். நாங்கள் அப்படி முடிவெடுத்து இரண்டு வருடத்தை வீணாக்கியவர்கள்.

அந்த இளைய டீச்சர் இடமாற்றப் படிவத்தை இன்னும் லாச்சியில்தான் வைத்திருக்கிறார். நிரப்பவில்லை. இந்த மாதத் தரம் 9 தாளைச் சரிபார்ப்பது அவர்தான்.